ஒட்டுப் படமும் இரண்டு உரிமைகளும்

2001இல் ஒரு படம் மின்னஞ்சல் வழியாக உலகைச் சுற்றி வந்தது. ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் ஏணியில் ஒரு வீரர். அவருக்குக் கீழே, வாயைப் பிளந்தபடி கடலிலிருந்து துள்ளும் வெள்ளைச் சுறா. நேஷனல் ஜியோகிராஃபிக் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த படம் என்ற பொய்க் குறிப்பும் கூடவே வந்தது. உண்மையில் அது இரண்டு படங்களின் ஒட்டு. ஹெலிகாப்டர் படம், கோல்டன் கேட் பாலத்தருகே அமெரிக்க விமானப் படையின் லான்ஸ் சியுங் எடுத்தது. சுறாவைப் படம்பிடித்தவர் தென்னாப்பிரிக்காவின் சார்ல்ஸ் மாக்ஸ்வெல்.

அமெரிக்க அரசு ஊழியர் பணியின்பொருட்டு எடுக்கும் படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. ஆகவே தளப்படத்தைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் அதில் கொண்டுவந்து ஒட்டிய சுறா மாக்ஸ்வெலின் சொத்து. தளம் பொதுவுடைமை என்பதால் அதன்மேல் வைத்ததும் பொதுவாகிவிடுவதில்லை. இரண்டு உரிமங்களும் சேர்ந்து அனுமதிப்பதை மட்டுமே ஒட்டியவர் செய்ய முடியும். இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே முழுப் படத்துக்கும் எல்லை.

சில சமயம் இரண்டும் சேர்ந்து எதையுமே அனுமதிக்காமல் போய்விடும். நம் துறையினர் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு வடிவமைப்பாளர் நூல் அட்டைக்காக ஏரிக்கரைப் படம் ஒன்றை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் உரிமம் CC BY-SA 4.0. அதில் பறக்கவிட ஒரு நாரையை வேறொருவரின் படத்திலிருந்து வெட்டுகிறார். அது CC BY-NC 4.0. இருவர் பெயரையும் அட்டையில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார். போதாது. ஏரிப் படத்தின் உரிமம், அதிலிருந்து பிறக்கும் புதுப் படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்கிறது. அந்த உரிமத்தில் வெளியானதை யாரும் விற்கலாம். நாரைப் படத்தின் உரிமமோ வணிகப் பயனைத் தடுக்கிறது. அட்டையை இலவசமாக வெளியிட்டாலும் இந்த முரண் தீராது.

நாரை எடுத்தவருக்கு எழுதி, “விற்கலாம்” என்று அனுமதி வாங்கினால் சரியாகிவிடுமா? பாதிதான். அது வடிவமைப்பாளருக்கு மட்டும் தந்த அனுமதி. ஏரிப் படத்தின் நிபந்தனையோ அந்தச் சுதந்திரத்தை எல்லோருக்கும் கேட்கிறது. எனவே வழி இரண்டு. நாரைக்காரர் தன் படத்தை BY-SA அல்லது BY உரிமத்தில் தர வேண்டும். இல்லையென்றால் ஏரிக்காரர் இந்த அட்டைக்கு மட்டும் ‘அதே உரிமம்’ என்ற நிபந்தனையைத் தளர்த்த, நாரைக்காரர் வணிகப் பயனுக்கு இசைய வேண்டும். ஒருவரிடம் மட்டும் எழுதுவதற்கு முன், யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. இரண்டில் ஒன்று ND என்றால் கணக்கே வேண்டாம்: வீட்டில் ஒட்டிப் பார்க்கலாம், வெளியிட முடியாது. ஒட்டாமல் இரண்டையும் பக்கம்பக்கமாக அச்சிட்டால் அது தொகுப்பு. அப்போது ஒவ்வொன்றும் தன் உரிமத்தோடு தனியே நிற்கும்.

அனுமதி தருபவர்தான் உரிமையாளரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பத்தின் குழுப் படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொரு ஸ்டுடியோ எடுத்த படத்திலிருந்து அவர் தலையை எடுத்துப் பொருத்தும்போது, இரண்டு படங்களுக்கும் பணம் கொடுத்தது ஒரே குடும்பம் என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை. அதே ஆல்பத்துக்கு வானம் மாற்ற யாரோ எடுத்த அந்திப் படத்தை எடுத்தால் கதை வேறு. ஸ்டுடியோக்காரர் இணையத்தில் இலவசமாகப் போட்ட மணமக்கள் படமும் அப்படியே: உரிமம் கொடுக்க அவருக்கு உரிமை இருந்திருக்காது. முகம் தெரியும் ஆட்களின் ஒப்புதல் இவற்றிலெல்லாம் அடங்குவதுமில்லை.

ஒரு படத்தின் வண்ணச் சாயலை மட்டும் இன்னொன்றுக்கு மாற்றும் வேலை இதில் சேராது. அங்கே இடம் மாறுவது நிறங்களின் சராசரியும் பரவலும்தான். படமெடுத்தவர் அமைத்த காட்சி வந்து சேர்வதில்லை.

அடுத்த இதழ் முதல், இங்கு வெளியாகும் ஒவ்வொரு ஒட்டுப் படத்துடனும் லேயர் வாரியாக ஒரு குறிப்பு கேட்கிறோம்: எடுத்தவர், கிடைத்த இடம், பதிவிறக்கிய நாள், உரிமத்தின் பெயரும் பதிப்பெண்ணும், செய்த மாற்றம். அந்த நாளில் உரிமப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு திரைப்பிடிப்பும் வேண்டும். சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமத்தை எழுத்தில் கேட்கிறது. தொலைபேசியில் வாங்கிய சம்மதத்தை ஏற்க மாட்டோம். இரண்டு உரிமங்களும் ஒன்றோடொன்று மோதினால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருப்பி அனுப்புவோம்; எந்த நிபந்தனையில் மோதுகிறது என்பதையும் எழுதி அனுப்புவோம்.