ஒரே ஷாட்டுகள், இரண்டு ரீல்கள்

சினிமா கிராபிக்ஸ் வேலைக்குப் போகணும் என்று நம் வகுப்பிலேயே நாலைந்து பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம் கம்ப்யூட்டர் டிப்ளமோவில் அதற்குத் தனிப்பாடம் கிடையாது. ஸ்டுடியோக்காரர்களும் மார்க் ஷீட்டுக்கு முன்னால் ஷோரீலைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நம்ம பசங்க தயாரிக்கும் ரீல் தீபாவளி பலகாரத் தட்டு மாதிரி இருக்கிறது. சுற்றுகிற லோகோ, பளபளக்கும் கார், நடக்கிற பொம்மை, வெடிக்கிற கட்டிடம் என்று மூன்று நிமிஷம் ஓடுகிறது. பார்ப்பவருக்கு இவனை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்றே தெரியாது.

நாற்காலி எது என்று முதலில் முடிவு பண்ண வேண்டும் என்பது என் கருத்து. படத்தில் ஒரு ஆளின் உருவத்தைப் பிரேம் பிரேமாக வெட்டியெடுப்பது ரோட்டோ. கம்பி, போஸ்டர் போன்ற வேண்டாததை அழிப்பது பெயின்ட். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்குவது காம்ப். வெளிநாட்டுப் படங்களின் ரோட்டோ, பெயின்ட் வேலை பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் வருகிறது. அதனால் இங்கே புதுசா வருகிறவனுக்கு அந்த வாசல்தான் சுலபமாகத் திறக்கும். அதே ரீலை லண்டனுக்கோ வான்கூவருக்கோ அனுப்பினால், அந்த வேலையே அங்கே குறைவு. அங்கே காம்ப் தெரியுமா என்று பார்ப்பார்கள்.

நானும் நண்பன் ஒருவனும் வாலாஜாபாத்திலேயே செல்போனில் எடுக்கக்கூடிய நாலு ஷாட்டுகளைத் திட்டமிட்டோம். ஒன்று, எங்கள் வீட்டுத் தறியில் அப்பா நெய்வது. இரண்டு, கடைத்தெருவில் குறுக்கே ஓடும் கரண்ட் கம்பிகளை அழிப்பது. மூன்று, பச்சைத் துணி கட்டிய ஜன்னல் ஓரம் நண்பன் உட்கார்ந்திருக்க, ஜன்னலுக்கு வெளியே ரயிலிலிருந்து எடுத்த காட்சியை வைப்பது. நாலு, காய்ந்து கிடக்கும் பாலாற்றில் தண்ணீர் ஓட விடுவது.

சென்னைக்கு அனுப்பும் ரீலில் தறிதான் முதல். நாடாவை ஓட விடும் கை வேகமாகப் போகும்போது விரல்கள் மங்கித் தெரியும். அந்த மங்கலையும் பிடித்து வெட்டினால்தான் ரோட்டோ தெரிந்தவன் என்று அர்த்தம். முதலில் எடுத்த படம் 3 செகண்ட், அதன்மேல் கோடுகளோடு 4 செகண்ட், கறுப்பு வெள்ளை மேட் மட்டும் 4 செகண்ட், கடைசியில் பின்னணி மாறிய படம் 4 செகண்ட். ஆக 15. மேட்டைத் தனியாக ஓட்டும்போது விளிம்பு துடித்தால், பிரேமுக்குப் பிரேம் புள்ளிகளை நகர்த்தியிருக்கிறோம் என்று அர்த்தம். சூப்பர்வைசர் ஒவ்வொரு பிரேமாக நிறுத்தித்தான் பார்ப்பார்.

அடுத்து கம்பி அழித்தது, 12 செகண்ட். இதில் ஒரு சோதனை உண்டு. மானிட்டரில் காமாவை ஏற்றிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் வெளிறித் தெரிந்தாலும், சுற்றியுள்ள புள்ளிப் புள்ளியான கிரெயின் அங்கே மட்டும் அசையாமல் நின்றாலும், ஷாட் இன்னும் முடியவில்லை. மூன்றாவது ஜன்னல். அதில் தலைமுடி விளிம்பு நன்றாக வந்தால் வைக்கலாம், வராவிட்டால் வேண்டாம். ஒரு சுமாரான ஷாட் மற்ற நல்ல ஷாட்டுகளையும் சந்தேகப்பட வைக்கும். பாலாறு எவ்வளவு அழகாக வந்தாலும் இந்த ரீலில் கிடையாது. மொத்தம் 45 செகண்டுக்குள் முடிகிறது. குறைச்சலாச்சே என்று கவலை வேண்டாம்.

வெளிநாட்டு ரீலில் வரிசை தலைகீழ். பாலாறு முதலில், 15 செகண்ட். மணல் மேல் தண்ணீரை ஒட்டினால் மட்டும் போதாது. கரையில் நிற்கும் மரத்தின் பிரதிபலிப்பு தண்ணீரில் விழ வேண்டும், தண்ணீர் தொடும் ஓரத்து மணல் ஈரமாகக் கறுத்திருக்க வேண்டும். அடுத்து ஜன்னல். வெளியே வெயில் மாறும்போது நண்பன் முகத்திலும் வெளிச்சம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். கம்பி 8 செகண்ட் போதும். தறியை 5 செகண்டோடு கடைசியில் வைக்கலாம். எங்கள் ஊர்த் தறியை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஞாபகத்தில் நிற்கும்!

சிலர் போட்டி பற்றி யோசிப்பதில்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது இந்தியாவிலேயே ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அப்படி அனுபவம் உள்ளவர்களும் இதே மார்க்கெட்டில்தான் வேலை தேடுகிறார்கள். லட்ச ரூபாய் கட்டிக் கோர்ஸ் படிக்க வசதியில்லாத என் போன்ற வீட்டுப் பிள்ளைகள் நாலு ஷாட்டை ஒழுங்காகச் செய்வதுதான் முடிகிற காரியம். எல்லோரும் பார்த்துச் செய்யும் யூடியூப் பாட ஷாட்டை அப்படியே வைத்தால் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆரம்பத்திலும் முடிவிலும் 3 செகண்ட் பெயர், எந்த வேலை, போன், இமெயில். கூடவே ஒரு பக்கத் தாள்: எத்தனையாவது செகண்டில் எந்த ஷாட், அதில் நான் செய்தது என்ன, படம் எடுத்தது யார், எந்த சாஃப்ட்வேர். நண்பன் எடுத்ததை நான் எடுத்ததாக எழுதக் கூடாது, இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். பாட்டு போட்டாலும் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களே அதிகம். பாட்டுத் தாளத்துக்கு ஷாட்டை வெட்டி அரை செகண்டில் ஓட விட்டால் வேலையே கண்ணில் படாது. அனுப்புவதற்கு முன் லிங்க்கை வேறு யாருடைய போனிலாவது திறந்து பாருங்கள். பிரைவேட் என்று போட்டுவிட்டு நமக்கு மட்டுமே தெரிகிற ரீலை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.