மெத்தை வரும்வரை கத்தரித் தாண்டலே போதும்
மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்



குறுவட்டத் தடகளப் போட்டிகளுக்கான சுற்றறிக்கை தயாராகும் நேரம் இது. அதில் உயரம் தாண்டுதல் பகுதியில் ஒரு வரி சேர்க்கக் கேட்டே இதை எழுதுகிறோம். விதிப்படியான மெத்தை இல்லாத மைதானத்தில் 14 வயதுக்குட்பட்டோர் கத்தரி முறையில் மட்டுமே தாண்ட வேண்டும், முதுகுப்புறமாகத் தாண்டக் கூடாது என்பதே அந்த வரி. மூத்த பிரிவுகளிலும் மெத்தை சரியில்லாவிட்டால் இதே ஏற்பாடு பொருந்தும்.

இதைக் கேட்டதும் பயிற்சியாளர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். கத்தரி பழைய முறை, ஃபிளாப்பை ஆறாம் வகுப்பிலேயே தொடங்காவிட்டால் பிள்ளை மாநில அளவுக்குப் போக முடியாது என்பது அவர்கள் வாதம். கத்தரியும் ஃபிளாப்பும் வெவ்வேறு வித்தைகள் என்று நினைப்பதால் வரும் வாதம் அது. உண்மையில் இரண்டுக்கும் ஓட்டத்தின் பக்கமும் ஊன்றி எழும் காலும் ஒன்றே. இடது காலில் எழும் மாணவி கம்பின் வலப்புறத்திலிருந்து ஓடி வருகிறாள், கம்புக்குத் தொலைவில் உள்ள காலை ஊன்றுகிறாள், அருகில் உள்ள வலது காலை வீசுகிறாள். ஃபிளாப்பிலும் இதில் எதுவும் மாறாது. கம்புக்கு அருகில் உள்ள காலால் எழும் ஸ்ட்ராடில் முறையைப் பழகிய பிள்ளையைத்தான் ஃபிளாப்புக்காக எதிர்ப்பக்கம் நிறுத்தி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

டிக் ஃபாஸ்பரியின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது அவருக்கு ஸ்ட்ராடில் வரவில்லை, கத்தரிக்கே திரும்பினார். கம்பு உயர உயர, இடுப்பைத் தூக்குவதற்காக உடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்த்தார். 1963-இல் தொடங்கிய அந்தச் சாய்வு, 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டராகவும் தங்கப் பதக்கமாகவும் முடிந்தது. மரத்தூளும் மணலும் நிரம்பிய குழிகள் நுரை மெத்தைகளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மெத்தை வந்திராவிட்டால் அந்தப் பாணி பரவியிருக்காது. நம் பள்ளிகளில் பாணி கைபேசி வழியாக வந்துவிட்டது, மெத்தை இன்னும் வரவில்லை.

கத்தரியால் உயரம் போக முடியாது என்பதும் பாதி உண்மைதான். மைக்கேல் ஸ்வீனி 1895-இல் 1.97 மீட்டர் தாண்டியது கத்தரியைச் செம்மைப்படுத்திய ஒரு முறையில்தான். உடலின் ஈர்ப்பு மையம் கம்புக்கு வெகு மேலாகச் செல்ல வேண்டியிருப்பதால் கத்தரியில் கொஞ்சம் உயரம் வீணாகும். ஃபிளாப்பில் அந்த வீண் குறையும். ஆனால் 1.10, 1.20 என்று தாண்டுகிற தொடக்கநிலைப் பிள்ளைக்குக் குறை அங்கே இல்லை. ஓட்டத்தின் கடைசி மூன்று அடியிலும் ஊன்றும் காலிலும்தான் இருக்கிறது. அதைக் கத்தரியே கற்றுத்தரும். ஒரு காலில்தான் எழ வேண்டும் என்பதற்கு மேல் விதிநூலும் பாணியைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

இனி மெத்தைக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1.15 மீட்டரை முதுகுப்புறமாகத் தாண்டுகிறாள், உச்சியில் அவள் முதுகு தரையிலிருந்து 1.20 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 70 செ.மீ. உயர மெத்தை என்றால் அவள் விழுவது அரை மீட்டர்தான். நுரை 30 செ.மீ. அமுங்கி அவளை நிறுத்தும்போது உடல் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் குறைவு. அதே தாண்டலை மணல் குழியில் செய்தால் 1.20 மீட்டர் முழுவதும் விழ வேண்டும். மழையில் நனைந்து இறுகிய மணல் 5 செ.மீ. விட்டுக்கொடுத்தாலே அதிகம். அப்போது அந்த விசை எடையைப் போல் சுமார் 25 மடங்கு, அதுவும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். கத்தரியில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பிள்ளை காலில் இறங்குகிறது. முழங்காலும் கணுக்காலும் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. கொத்திவிட்ட மணலே அதற்குப் போதும்.

உயரத்தைவிட அதிகம் கவனிக்கப்படாதது மெத்தையின் நீளம். சர்வதேச விதிப்படி பெரிய போட்டிகளுக்கு 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். மற்றவற்றுக்குக் குறைந்தது 5க்கு 3. நான்கு மீட்டர் கம்புக்கு எதற்கு ஐந்து மீட்டர் மெத்தை என்று கேட்ட தலைமையாசிரியர்கள் உண்டு. பிள்ளை கம்பை நேராகக் கடப்பதில்லை, சாய்வாகக் கடக்கிறது என்பதே பதில். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் எழுந்து 0.65 நொடி காற்றில் இருந்தால் 2.6 மீட்டர் நகரும். அதில் கம்பின் நீளவாக்கில் மட்டும் சுமார் 2 மீட்டர். அருகிலுள்ள கம்பத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஊன்றினால், நடுவைச் சற்றுத் தாண்டிப் பத்திரமாக விழும். கம்பின் நடுவில் ஊன்றினால் எதிர்க் கம்பத்தின் எதிரிலேயே விழும். ஜிம்னாஸ்டிக்ஸ் பாய்களை அடுக்கிச் செய்த மூன்று மீட்டர் 'மெத்தை' அந்த இடத்தில் இருக்காது.

அடுக்கிய பாய்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாலைந்து தாண்டலில் அவை விலகும். இடுக்கில் முழங்கையோ கணுக்காலோ போகும். துண்டு மெத்தைகள் என்றால் எல்லாவற்றையும் மூடும் ஒரே மேலுறையும் சுற்றிலும் இறுக்கிக் கட்டும் பட்டையும் வேண்டும். நுரை உழைத்துப்போயிருக்கிறதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பெரியவர் ஒருவர் மேலே மண்டியிட்டு விழும்போது முழங்காலுக்குத் தரை தட்டினால் அது ஃபிளாப்புக்கு ஆகாது. மழையில் ஊறிய நுரைதான் முதலில் சாகும். அடியில் மரச்சட்டமும் மேலே தார்ப்பாயும் போட்டால் பல ஆண்டு உழைக்கும். பள்ளிகள் மெத்தை வாங்கக் காட்டும் ஆர்வத்தை இந்தச் சட்டத்துக்குக் காட்டுவதில்லை.

விதிப்படியான மெத்தை கிடைத்த பள்ளியில் ஒரு மாணவியைக் கத்தரியிலிருந்து ஃபிளாப்புக்கு எப்படிக் கொண்டுபோவது? கத்தரியில் 1.15 தாண்டுபவளுக்கு முதல் வேலை வளைவு ஓட்டம். ஒரு முளையில் ஐந்து மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டு அதில் ஓடவிட வேண்டும். வேகம் கூடக்கூட உடல் தானாக வட்டத்தின் உள்பக்கம் சாயும். பிறகு அதே வட்டத்தின் ஒரு துண்டைக் கம்புக்கு எதிரே வரைந்து, ஐந்து அடி வளைந்து ஓடி வந்து கத்தரியே தாண்டட்டும். தரையில் உதிரிச் சரளை இருந்தால் வளைவில் கால் வழுக்கும். கூட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிய தரை வேண்டும்.

ஃபிளாப்பின் சூட்சுமம் முழுவதும் இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. கம்பை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும் உடல், கால் ஊன்றியதும் நிமிர்கிறது. நிமிர்ந்த வேகம் நிற்காமல் தோளைக் கம்புக்கு மேலே கொண்டுபோகிறது. வீசும் காலின் முழங்காலை எதிர்த் தோளை நோக்கித் தூக்கினால் முதுகு தானாகக் கம்பின் பக்கம் திரும்பும். "முதுகைத் திருப்பு, முதுகைத் திருப்பு" என்று மைதானத்தில் கத்துகிறோமே, கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை தரையில் இருக்கும்போதே திரும்பும். ஊன்றிய பாதம் கம்புக்கு இணையாக விழும். உடல் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமுமாக முழங்கால் திருகும். பாதத்தின் நுனி மெத்தையின் எதிர் மூலையைப் பார்க்க வேண்டும். தாண்டி முடித்ததும் மண்ணில் பதிந்த தடத்தைப் பாருங்கள், பொய் சொல்லாது.

வளைவில் கத்தரி நிலைத்த பிறகு விழுவதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். கம்பு வேண்டாம். 30 செ.மீ. உயரப் பெட்டியில் மெத்தைக்கு முதுகு காட்டி நின்று, இரு காலால் எழும்பி, இடுப்பை உயர்த்தி, மேல்முதுகில் விழ வேண்டும். தாடை மார்பைத் தொட்டிருக்க வேண்டும், கைகள் பக்கவாட்டில் விரிந்திருக்க வேண்டும், முழங்கால்கள் சற்று அகன்றிருக்க வேண்டும். ஒட்டிய முழங்கால்கள் விழும் வேகத்தில் முகத்தில் இடிக்கும். மூக்கிலும் பல்லிலும் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். பின்னால் கையூன்ற முயன்றால் மணிக்கட்டு போகும். விழும் பயம் நீங்கும்வரை அடுத்த படி கிடையாது.

அதன்பின் மூன்று அடி வளைவில் வந்து கத்தரி போட்டு மெத்தையில் உட்காரச் சொல்லுங்கள். அடுத்த வாரம் உட்காருவதற்குப் பதில் சாயச் சொல்லுங்கள். முழங்காலைத் தூக்கும்போது அது ஃபிளாப்பாக மாறியிருப்பதை அவளே உணர்வாள். எலாஸ்டிக் நாடாவை 90 செ.மீ. உயரத்தில், அதாவது அவளது கத்தரி உயரத்துக்கு 25 செ.மீ. கீழே தளர்வாகக் கட்டினால் போதும். இறுக்கிக் கட்டினால் கால் மாட்டும்போது கம்பம் இரண்டும் அவள் மேலேயே சாயும். கம்பங்களின் அடியில் மணல் மூட்டை வைப்பது நல்லது. நாடாவிலிருந்து கம்புக்கு மாறும்போது உருளையான ஃபைபர் கம்பு மட்டுமே வேண்டும். மூங்கிலும் இரும்புக் குழாயும் முதுகுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் ஒரு பருவத்துக்கான வேலை. மெத்தை இல்லாத பள்ளி இதில் வளைவுக் கத்தரிவரை தாராளமாக வரலாம். அதற்கு மேல் ஒரு படியும் வரக் கூடாது. மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகும் பிள்ளைகளை நல்ல மெத்தை உள்ள ஒரு மையத்தில் சேர்த்து, மீதிப் படிகளைச் சில வாரங்களில் கற்பிக்க உங்கள் அலுவலகத்தால் முடியும். கத்தரி நன்றாகப் படிந்தவர்களுக்கு அந்தக் காலம் போதும்.

எனவே சுற்றறிக்கையில் நாங்கள் கேட்கும் வரியோடு இன்னொன்றும் சேருங்கள். போட்டி நாளன்று உயரம் தாண்டுதல் நடுவர் முதலில் மெத்தையை டேப் பிடித்து அளக்கட்டும். நீளம், அகலம், உயரம், கம்பத்துக்கும் மெத்தைக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளி. அளவுகளை மதிப்பெண் தாளின் தலைப்பிலேயே எழுதிக் கையெழுத்திடட்டும். குறைந்தால் அந்தத் தாளிலேயே 'கத்தரி மட்டும்' என்று குறித்து, முதல் பிள்ளையை அழைப்பதற்கு முன் எல்லாப் பள்ளி ஆசிரியர்களிடமும் சொல்லிவிடட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு