"சூடுதான், சரியாயிரும்"னு சொல்றவங்களுக்கு ஒரு த்ரெட்

1/
கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒண்ணுக்கு சிவப்பா போனா எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணுதான்: "சூடு". வீட்ல சொல்றாங்க, டீக்கடைல சொல்றாங்க, மாத்திரை விக்கிறவங்களும் சொல்றாங்க. இந்த ஒரு வார்த்தையால ஏழு மாசத்தை இழந்த ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். ஆள் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
அறுபது வயசு அண்ணாச்சி. வயல் வேலை. நாப்பது வருஷமா பீடி. சித்திரை வெயில்ல ஒருநாள் சிறுநீர் சிவப்பா போயிருக்கு. வலி இல்ல, எரிச்சல் இல்ல. "சூடு"ன்னு இளநியும் வெந்தயத் தண்ணியும் குடிச்சார். ரெண்டு நாள்ல நின்னுட்டு.

ஆடில மறுபடியும். இந்தத் தடவை கடைல கேட்டு அஞ்சு நாள் ஆன்டிபயாட்டிக். அதுவும் நின்னுட்டு.

கார்த்திகைல ரத்தம் கட்டி கட்டியா வந்து, சிறுநீர் அடைச்சு, ராத்திரில எங்ககிட்ட வந்தார்.

3/
இளநி வேலை செஞ்சுது, மாத்திரை வேலை செஞ்சுதுன்னு அவர் நம்பினார். ரெண்டுமே இல்ல. சிறுநீர்ப்பைக் கட்டியோட குணமே அதுதான். கசியும், தானா நிக்கும், வாரமோ மாசமோ கழிச்சு திரும்ப வரும். அந்த ரெண்டு நாள்ல அவர் எதைக் குடிச்சிருந்தாலும் நின்னிருக்கும். ரத்தம் நின்னுட்டா நோய் போயிட்டுன்னு அர்த்தம் இல்ல.

4/
அப்போ சூடுங்கிறதே பொய்யா? இல்ல. வெயில்ல வேர்த்து தண்ணி குறைஞ்சா, கிட்னி தண்ணியைச் சேமிக்கும். எப்பவும் வர்ற மஞ்சள் நிறமி கம்மித் தண்ணில கரைஞ்சு அடர்த்தியாகும். கடும் மஞ்சளா போகும், மிஞ்சிப்போனா லேசான பழுப்பு. நாலு டம்ளர் தண்ணி குடிச்சா சில மணி நேரத்துல வெளுத்துரும். ஆனா வெயில் சிறுநீரை *சிவப்பாக்காது*.

5/
பீட்ரூட்? ஆமா, சிலருக்கு இளஞ்சிவப்பா போகும். எல்லாருக்கும் வராது. ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும், டெஸ்ட்ல ரத்தம் காட்டாது. நேத்து பொரியல் சாப்பிட்டோமான்னு யோசிங்க. சாப்பிடலன்னா பழியை அதுமேல போடாதீங்க.

6/
இதுக்கு நேர் எதிர் தப்பும் நடக்குது. டிபி மாத்திரைல இருக்கிற ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். வேர்வை, கண்ணீர்கூட அந்த நிறத்துல வரலாம். அது ரத்தம் இல்ல, ஆபத்தும் இல்ல. இதுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினா கிருமி மருந்துக்கு அடங்காமப் போகலாம். நிறுத்தாதீங்க.

ஆனா சிறுநீர் கடுங்காப்பி மாதிரி ஆகி, கண்ணும் மஞ்சளாகி, குமட்டலும் இருந்தா அது ஈரல் பாதிப்பா இருக்கலாம். அன்னைக்கே வாங்க.

7/
கண்ணால பாத்து எதுன்னு சொல்ல என்னாலயும் முடியாது. அதுக்குத்தான் டிப்ஸ்டிக்னு ஒரு பட்டை இருக்கு. சிறுநீர்ல நனைச்சா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தெரியும். பாசிட்டிவ்னா மைக்ராஸ்கோப்ல சிவப்பணு இருக்கான்னு பாப்போம். பட்டை பாசிட்டிவ், ஆனா சிவப்பணு இல்லன்னா நிம்மதியாகக் கூடாது. தசையோ ரத்த அணுவோ சிதையுதான்னு உடனே தேடணும்.

8/
"வலி இல்லயே டாக்டர்"னு தைரியமா சொல்றாங்க. நான் பயப்படுறதே அதுக்குத்தான். எரிச்சல், காய்ச்சல் இருந்தா பெரும்பாலும் கிருமித்தொற்று. விலாவுல இருந்து அடிவயித்துக்கு இழுத்துப் பிடிச்சா பெரும்பாலும் கல்லு. பீடி, சிகரெட் குடிக்கிற, நாப்பது தாண்டின ஒருத்தருக்கு வலியே இல்லாம ரத்தம் வந்தா, புற்றுநோய் இல்லன்னு உறுதியாகிற வரைக்கும் நான் விடமாட்டேன். புகையில இருக்கிற விஷம் கிட்னி வழியா சிறுநீர்ல இறங்கி, பைல மணிக்கணக்கா தேங்கி நிக்குது.

9/
நம்ம டாக்டர்களுக்கும் சொல்றேன். யூரின் பாக்காம ஆன்டிபயாட்டிக் எழுதாதீங்க. தொற்றே இருந்தாலும் கோர்ஸ் முடிஞ்சதும் திரும்ப டெஸ்ட் பண்ணுங்க. ஸ்கேன் நார்மல்னு அனுப்பிடாதீங்க, சின்னக் கட்டி அதுல தவறும். சிறுநீர்ப் பாதை வழியா கேமரா விட்டுப் பாக்கணும். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார், அதான்"ங்கிற சமாதானமும் வேண்டாம். அவருக்கும் காரணம் தேடணும்.

10/
அண்ணாச்சியை திருநெல்வேலிக்கு அனுப்பினோம். கேமராவுல கட்டி தெரிஞ்சுது. பையோட தசை வரைக்கும் இறங்கியிருந்தது. உள் தோலோட நின்னிருந்தா அந்த வழியாவே சுரண்டி எடுத்து, பையைக் காப்பாத்தி, அப்பப்போ செக் பண்ணிட்டு வரலாம். இப்போ பையையே எடுக்கணும்னு பேச்சு.

சித்திரைல வந்திருந்தா மேலோட்டமாத்தான் இருந்திருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா பாக்குற வாய்ப்பாவது கிடைச்சிருக்கும். அதைப் பறிச்சது "சூடு"தான்.

11/
சிவப்பா போனா, ஒரு சுத்தமான பாட்டில்ல பிடிச்சு அன்னைக்கே கொண்டு வாங்க. முடியலன்னா போன்ல போட்டோவாவது எடுத்து வைங்க. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு அட்டையோட காட்டுங்க. மறுநாள் தெளிவா போனாலும் வாங்க. ரத்தக்கட்டி வந்தாலோ, சிறுநீர் அடைச்சாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

12/
அண்ணாச்சி வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "வலியே இல்லன்னா எங்களுக்கு எப்படி டாக்டர் தெரியும்?"

அந்த சிவப்பு நிறம்தாம்மா சொல்லுச்சு. ரெண்டு தடவை சொல்லுச்சு.