வீட்டுக் கணிப்பொறி: கொம்பு இடம் மாறினால்



சென்ற பொங்கலுக்கு முதல் நாள் இரவு நம் இல்லத்தில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றைக் கூறி இம்மாதப் பகுதியைத் தொடங்குகிறோம்.

நம் மகனுக்கு வயது பத்து. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் வங்காளமும் பயில்கிறான். தமிழ் எழுத்தை ஞாயிறுதோறும் சங்க வகுப்பில் கற்று வருகிறான். திருச்சியில் இருக்கும் தன் அத்தை மகனுடன் கணிப்பொறியில் ஒரு விளையாட்டை ஆடுவது அவன் வழக்கம். விளையாட்டின் ஓரத்தில் இருவரும் எழுதிக்கொள்ள ஓர் உரையாடல் பெட்டி உண்டு. அன்று அதில் 'பொங்கல்' என்று எழுத முயன்றான். எழுத்து வந்தது, ஆனால் கொம்பு பகரத்திற்கு முன்னே நில்லாமல் பின்னே போய் நின்றது.

"அப்பா, நான் தப்பாகவா எழுதினேன்?" என்று கேட்டான்.

தமிழ்த் தட்டெழுத்தில் இளநிலைத் தேர்வு தேறியவர் என்னும் பெருமை நமக்கு உண்டல்லவா? தட்டெழுத்துப் பொறியில் கொம்பை முதலில் அடித்து, அதன் பின்னரே மெய்யை அடிப்போம். "கொம்பை முதலில் அடி, பிறகு பகரம், பிறகு கால்" என்று சொல்லிக் கொடுத்தோம். திரையில் 'பொங்கல்' அழகாக நின்றது. பையனும் மகிழ்ச்சியோடு அனுப்பிவிட்டான்.

கால் மணி நேரத்தில் திருச்சியிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, உங்கள் பிள்ளை அனுப்பியதில் முதலில் ஒரு புள்ளி வட்டம் நிற்கிறதே! அங்கே போய்த் தமிழை மறந்துவிட்டீர்களா?" என்று சிரித்தாள். அவள் வேடிக்கையாகவே சொன்னாள். ஆயினும் மறுநாள் முதல் பையன் ஆங்கில எழுத்திலேயே 'pongal' என்று எழுதத் தொடங்கிவிட்டான். வாரத்தில் ஒரு மணி நேரம் கற்கும் எழுத்துக்கு அவன் கண்ட பயன் அந்தப் பெட்டி ஒன்றுதான். அதையும் நம் அவசர யோசனையால் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தத்தில் காரணத்தைத் தேடினோம். கண்டதைக் கீழே தருகிறோம்.

ரயிலில் அனுப்பும் பார்சலுக்குப் பதிவு, பயணம், ஒப்படைப்பு என மூன்று நிலைகள் இருப்பதுபோல, கணிப்பொறியில் அடிக்கும் எழுத்துக்கும் மூன்று நிலைகள் உண்டு. விசையில் அடித்தது நிரலுக்குள் செல்வது முதல் நிலை. அது எண்களாக மாறிச் சேமிக்கப்படுவதும் அனுப்பப்படுவதும் இரண்டாம் நிலை. அவ்வெண்களைப் பார்த்துத் திரையில் எழுத்தை வரைவது மூன்றாம் நிலை. எந்த நிலையில் பழுது என்பதைத் திரையே காட்டிவிடும். 'பொங்கல்' என்ற ஒரே சொல்லைக் கொண்டு பார்ப்போம்.

அச்சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: பொ, ங், க, ல். யூனிகோடு என்னும் பொதுக் குறிமுறையிலோ அது ஏழு எண்கள்: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. ஒகரக் குறி திரையில் கொம்பும் காலுமாகப் பிரிந்து நின்றாலும், சேமிப்பில் அது பகரத்தை அடுத்து வரும் ஒரே எண்தான். தட்டெழுத்துப் பொறிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. பொறியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கிறோம். கணிப்பொறி ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது.

முதல் நிலை பழுதானால் தமிழே தோன்றாது. நாம் அடித்த ஆங்கில எழுத்து அப்படியே நிற்கும், அல்லது ஒன்றுமே வராது. ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கும்போது, விசைகளைக் கூட்டித் தமிழெழுத்தாக மாற்ற இடையில் ஒரு துணை நிரல் வேலை செய்கிறது. பல விளையாட்டுகள் அத்துணை நிரலுக்கு இடங்கொடுப்பதில்லை. இதற்கு மூன்று மாற்று வழிகள் உள்ளன. விண்டோஸில் 'தமிழ்' என்ற பெயரில் உள்ள இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஒரு விசைக்கு ஒரு குறி நேரடியாகச் செல்வதால் இடைநிரல் தேவைப்படுவதில்லை. நம் பையனுக்கு முதலில் தமிழ் வந்தது இவ்வழியில்தான். விளையாட்டு முழுத்திரையில் ஓடும்போது துணை நிரலின் சிறு பெட்டி அதன் பின்னே மறைந்துவிடுவதும் உண்டு. அப்போது விளையாட்டைச் சாளரமாக ஓடவிட்டுப் பார்க்கலாம். இவ்விரண்டும் பயன்படாவிட்டால், நோட்பேடில் எழுதி, `Ctrl+C` அடித்து நகலெடுத்து, உரையாடல் பெட்டியில் `Ctrl+V` அடித்து ஒட்டலாம். ஒட்டுவதையே ஏற்காத விளையாட்டில் வேறு வழியில்லை.

இரண்டாம் நிலை பழுதானால் கேள்விக்குறிகள் தோன்றும். 'பொங்கல்' என்பதற்கு நான்கு அல்ல, ஏழு கேள்விக்குறிகள் வரும். எண்ணிப் பார்த்தால் விளங்கும். தமிழறியாத பழைய குறிமுறைக்கு மாற்றும்போது ஒவ்வோர் எண்ணும் கேள்விக்குறியாகிவிட்டது என்பது இதன் பொருள். அவ்வாறு போன எழுத்து போனதுதான்; மீட்க இயலாது. `à®` என்பது போன்ற கோலம் திரும்பத் திரும்ப வந்தால் எழுத்து அழியவில்லை, வேறு குறிமுறையில் படிக்கப்படுகிறது என்று அறியலாம். விளையாட்டில் இதை ஆடுவோர் திருத்த இயலாது. ஆக்கியவர்களுக்கே எழுத வேண்டும்.

மூன்றாம் நிலையில் இருவகைப் பழுது உண்டு. வெறும் கட்டங்கள் தோன்றினால் அந்நிரலின் எழுத்துருவில் தமிழ் இல்லை. விளையாட்டுகள் பெரும்பாலும் தமக்கு வேண்டிய எழுத்துருவைத் தாமே கொண்டுவருவதால், நாம் கணிப்பொறியில் புதிய தமிழ் எழுத்துருவை நிறுவினாலும் கட்டம் மாறாமல் இருக்கலாம். இன்னொரு வகையே நம் வீட்டில் நேர்ந்தது. எழுத்துரு இருந்தது, ஆனால் குறிகளை உரிய இடத்தில் அமைக்கும் வேலை நடக்கவில்லை. அவ்வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற தனி நிரல்கள் உள்ளன. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பயர்பாக்ஸ் உலாவியிலும் உள்ளது அதுவே. அதைச் சேர்க்காத விளையாட்டு, எண்கள் வந்த வரிசையிலேயே வடிவங்களை அடுக்கிவிடும். ஆகவே கொம்பு பின்னே நிற்கும்.

அன்பர்கள் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். பையன் முதலில் எழுதியது சரி. பிழை திரையில் இருந்தது. நாம் சொல்லிக் கொடுத்த பிறகு திரை சரியாயிற்று, எழுத்து பிழையாயிற்று. கொம்பு, ப, கால் என்ற வரிசையில் எட்டு எண்கள் சென்றன. திருச்சியில் கைப்பேசி முறையாக வரைந்ததால், ஏறுவதற்கு மெய்யில்லாத கொம்பைப் புள்ளி வட்டத்தின்மேல் ஏற்றிக் காட்டியது. சொல்லின் நடுவில் இவ்வாறு செய்தால் கேடு இன்னும் பெரிது. அங்கே வட்டமும் தோன்றாது. 'படகோட்டி'யில் கொம்பைக் ககரத்திற்கு முன்னே அடித்தால், அது முந்திய டகரத்தைப் பற்றிக்கொண்டு 'படேகாட்டி' என்றாகிவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பெட்டியில் கோணலாகத் தெரியும் சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் எழுத்தில் குற்றமில்லை, அப்படியே அனுப்புங்கள். திரையைத் திருப்திப்படுத்த எழுத்தின் வரிசையை மாற்றவே வேண்டாம். எதிரில் இருப்பவரும் அதே கோணலான திரையை உடையவராயின், அவரும் நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் படிக்கலாம்.

நிரல் எழுதப் பயிலும் நம் இளைஞர்கள் டெர்மினல் என்னும் கறுப்புத் திரையிலும் இதே தொல்லையைக் காண்கிறார்கள். அத்திரை கட்டம் போட்ட தாள் போன்றது. ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து என்பது அதன் கணக்கு. 'பொ' எத்தனை கட்டம் என்பதில் திரைக்கும் நிரலுக்கும் உடன்பாடு இல்லாதபோது எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அழிக்கும் விசையை அழுத்தினால் வேறிடத்தில் அழிவதுபோல் தோன்றும். லினக்ஸில் `xterm` இத்தகையது. `mlterm` இந்திய எழுத்துகளை அமைக்க வல்லது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பைதான் பயில்கிறாள். `print("பொங்கல்")` என்ற வரியின் விளைவை விண்டோஸ் கறுப்புத் திரையிலிருந்து ஒரு கோப்புக்குத் திருப்பியபோது, `UnicodeEncodeError` என்று நின்றுவிட்டது. திரைக்கு யூனிகோடில் எழுதும் பைதான், கோப்புக்கு விண்டோஸின் பழைய குறிமுறையில் எழுத முயன்றதே காரணம். இது இரண்டாம் நிலைப் பழுது. அதே சாளரத்தில் முதலில் கீழ்க்கண்ட வரியை இட்டபின் கோப்பு சரியாக வந்தது.

```
set PYTHONUTF8=1
```

வேறு நிரல்கள் கறுப்புத் திரையிலேயே கேள்விக்குறியோ `à®` கோலமோ காட்டினால் `chcp 65001` என்று இட்டுப் பார்க்கலாம். இவ்விரு கட்டளைகளும் அந்தச் சாளரம் மூடும்வரைதான் செல்லும். மேலும், இவை குறிமுறையை மட்டுமே திருத்தும். கொம்பை இடம் மாற்றித் தரா. ஆகவே தமிழ் வரிகளைக் கோப்பில் வைத்து, அக்கோப்பை நோட்பேடு போன்ற நிரலில் திறந்து படிப்பதும் திருத்துவதுமே நலம். கறுப்புத் திரையை ஆணையிட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பையனை அருகில் அமர்த்தி, அவன் முதலில் எழுதிய வரிசையிலேயே மீண்டும் எழுதச் செய்து, நோட்பேடில் ஒட்டிக் காட்டினோம். "அப்படியானால் அன்றைக்குத் தப்புச் செய்தது நீங்கள்தானே, அப்பா?" என்றான். ஆம் என்று ஒப்புக்கொண்டோம். இப்போது அவன் திரையில் கொம்பு பின்னேதான் நிற்கிறது. திருச்சியில் முன்னே நிற்கிறது. அத்தை மகனும் தமிழிலேயே மறுமொழி எழுதுகிறான்.