அந்த இரண்டு டிக்கை யார் போட்டது?

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் வயதானவர்கள் பெயரில் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறவர்கள் மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மா ஒருவர், வயது 68. மூன்று வருடத்துக்கு முன்னால் தன் பங்கு நிலத்தை விற்றுப் பத்து லட்சத்தை வங்கியில் போட்டார். மூன்று வருடம், ஏழு சதவீதம். மாதாமாதம் வட்டி வரும், மருந்துக்கும் மளிகைக்கும் ஆகும் என்பதுதான் அவர் கணக்கு. மாதம் பிறந்தால் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு போய் என்ட்ரி போடுவார். ஒன்றும் வந்திருக்காது. கேட்டால், "உள்ளேயே சேருதும்மா, கடைசில மொத்தமா வரும், நல்லதுதானே" என்பார்களாம். நம்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? கண் ஆபரேஷனுக்கு நகையை அடகு வைத்து நாற்பதாயிரம் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. மாதம் அறுநூறு ரூபாய், இருபத்தாறு மாதம் கட்டியிருக்கிறார். சொந்தப் பணம் ஏழு சதவீதத்தில் தூங்குகிறது. இவர் பதினெட்டு சதவீதத்துக்குக் கடன்காரி.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து இரண்டு இடத்தில் அவருடையது. மற்றதெல்லாம் வேறு பேனா. வட்டி எப்படி வேண்டும் என்ற இடத்தில் 'க்யுமுலேட்டிவ்' என்று டிக். முதிர்வில் என்ன செய்ய என்ற இடத்தில் 'அசலும் வட்டியும் சேர்த்துப் புதுப்பிக்கவும்' என்று டிக். அவரிடம் கேட்டு எழுதியதா என்றேன். "சார், கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்."

இதைச் சொன்னால் படித்த நண்பர்களே என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். "க்யுமுலேட்டிவ்தான் சார் லாபம், பாவம் நல்லதுதானே செஞ்சிருக்காங்க" என்று. கணக்கு வாத்தியாரிடம் இதைச் சொல்லலாமா? போட்டே பார்ப்போம்.

வங்கிகளில் வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும். பத்து லட்சம், ஏழு சதவீதம், மூன்று வருடம்: முதிர்வில் 12,31,439 ரூபாய். மாத வட்டியாக வாங்கியிருந்தால் மாதம் சுமார் 5,800. (5,833 வர வேண்டாமா என்று கேட்பீர்கள். காலாண்டு முடிவில் தர வேண்டியதை முன்கூட்டித் தருவதால் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.) முப்பத்தாறு மாதத்துக்கு 2,08,800. இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 22,600.

இந்த 22,600 வங்கி தந்த சலுகை இல்லை. நீங்கள் வாங்காமல் விட்ட வட்டியை அதே ஏழு சதவீதத்தில் திரும்ப வங்கிக்கே கொடுத்துவைத்ததற்கான வட்டி. அவ்வளவுதான். வட்டிப் பணம் தேவைப்படாதவருக்கு இது நல்ல ஏற்பாடு. மாத வட்டி வாங்கி, செலவழிக்காமல் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பவர் உண்மையிலேயே நஷ்டப்படுகிறார். ஆனால் வட்டியில் சாப்பிடுகிறவருக்கு? இந்த அம்மா அடகுக் கடைக்கு அழுதது 15,600. மருந்து வாங்காமல் விட்ட மாதங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு வேடிக்கை. வித்தியாசத்தைக் கேட்டதற்கு, "வருஷத்துக்கு 7.7 சதவீதம் ஈல்டு சார்" என்றார் ஒருவர். மூன்று வருட மொத்த வட்டியை மூன்றால் வகுத்த எண் அது. கூட்டு வட்டியைத் தனிவட்டி மாதிரி வகுத்தால் எந்த வட்டியும் கொழுத்துத்தான் தெரியும். எட்டாம் வகுப்பில் இப்படிப் போட்டால் நான் சுழித்திருப்பேன். ஏழு சதவீதத்தின் உண்மையான ஆண்டுக் கணக்கு 7.19 தான்.

வட்டி கைக்கு வராவிட்டாலும் வருமான வரிக்கு அது வருடாவருடம் வருமானம்தான். 15எச் கொடுக்கத் தவறியிருந்தால் வரியை அந்த டெபாசிட்டிலிருந்தே பிடித்திருப்பார்கள், ரசீதில் போட்ட முதிர்வுத் தொகையும் குறைந்திருக்கும். நல்லவேளை, அதை மட்டும் நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். டிக்கைப் பார்க்காமல் விட்டது என் தவறும்தான்.

இப்போது இரண்டாவது டிக். பிப்ரவரியில் டெபாசிட் முதிர்ந்தது. எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில், திருப்பூரில் இருக்கும் மகன் போனுக்குப் போயிருக்கிறது. இந்த அம்மாவுக்குத் தெரியாமலே 12,31,439 முழுவதும் இன்னொரு மூன்று வருடத்துக்குப் பூட்டப்பட்டது. பழைய ஏழு சதவீதத்தில் இல்லை. ஆட்டோ ரினியூவல் என்றால் காலம் பழையது, வட்டி அன்றைய தேதிக்குரியது. அன்றைக்கு ஆறரை.

ஜூனில் ஓடு மாற்ற இரண்டு லட்சம் வேண்டும் என்று போனோம். ஒரே டெபாசிட், அதில் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, முழுதாக உடைக்கணும் என்றார்கள். டெபாசிட் மேல் கடன் தரலாமே என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. உடைத்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. நூற்றிருபது நாள் இருந்ததற்கு ஆறரை கிடையாது. அந்த நாலு மாதத்துக்கு என்ன வட்டியோ அது, ஐந்தரை; அதிலும் அபராதம் ஒன்று போக, நாலரை. சுமார் 26,300 வர வேண்டிய இடத்தில் 18,200. அவர் கேட்காத புதுப்பித்தலை அவரே முறித்ததற்கு எட்டாயிரம் ரூபாய் தண்டம்!

அன்றைக்கு 'அசலை மட்டும் புதுப்பி, வட்டியைக் கணக்கில் வை' என்று டிக் இருந்திருந்தால் பிப்ரவரியிலேயே 2,31,439 கணக்கில் வந்திருக்கும். எதையும் உடைத்திருக்க வேண்டாம்.

ஆட்டோ ரினியூவலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்பாரில்லாமல் முதிர்ந்து கிடக்கும் பணத்துக்கு, 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி சொன்னபடி, சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது பழைய டெபாசிட் வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான். வெளியூரில் இருப்பவருக்கு, மறதிக்காரருக்கு அது பாதுகாப்பு. என் கோபம், யார் பணமோ அவரைக் கேட்காமல் டிக் போடுவதில். பணம் வங்கியிலேயே தங்குகிற கட்டத்தில்தான் அந்த டிக் எப்போதும் விழுகிறது என்பதில்.

இன்றைக்கே வீட்டில் ரசீதை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, இரண்டு எண் போதும். போட்ட தொகையும் முதிர்வுத் தொகையும் ஒன்றாக இருந்தால் வட்டி இடையில் கைக்கு வருகிறது. முதிர்வுத் தொகை பெரிதாக இருந்தால் க்யுமுலேட்டிவ். அதை நடுவில் மாற்றப் பொதுவாக உடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் முதிர்வில் என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவை முதிர்வு நாளுக்கு முன்னால் ஒரு கடிதம் கொடுத்து மாற்றலாம். நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாள் தாண்டிவிட்டால் உடனே ஓடுங்கள். சில நாளுக்குள் வந்தால் அபராதமில்லாமல் ரத்து செய்யும் வங்கிகள் உண்டு.

போன வாரம் மறுபடி போட்டோம். ஓட்டுக்கு இரண்டு லட்சம் போக, பத்து லட்சத்தை இரண்டு இரண்டாக ஐந்து ரசீது. மாத வட்டி, முதிர்வில் கணக்கில் வரவு. படிவத்தை அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நான் நிரப்பினேன். கவுன்ட்டரில் இருந்த பையன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். மீதி இருந்த பணத்தில் அன்று மத்தியானமே நகையை மீட்டுவிட்டார்.