ஆயிரம் புள்ளிக்கு 3.1416 வராது

பத்தியாளருக்கு இந்த வாரம் கோபம். தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்களை அடுக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ‘37.42 சதவீத மக்கள் ஆதரவு’ என்ற கருத்துக்கணிப்பை அவர் வறுத்தெடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது மாட்டியிருப்பது, மார்ச் 14 பை தினத்துக்காக யாரோ செய்த ஒரு காணொளி. சதுரத்துக்குள் ஆயிரம் புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தூவினாராம், 3.1416 வந்துவிட்டதாம்.

வரவே வராது. பொய்யென்று சொல்லக் கணிப்பொறிகூட வேண்டாம்.

முறை எளிது. பக்கம் 1 அலகுள்ள சதுரம், அதன் ஒரு மூலையை மையமாக வைத்து 1 அலகு ஆரத்தில் ஒரு கால்வட்டம். 0-க்கும் 1-க்கும் நடுவில் சமவாய்ப்பு எண்கள் இரண்டை எடுத்து x, y என்று வைத்தால் ஒரு புள்ளி கிடைக்கும். x² + y² ≤ 1 என்றால் அது வட்டத்துக்குள். கால்வட்டத்தின் பரப்பு π/4. ஆகவே உள்ளே விழுந்த எண்ணிக்கையை மொத்தத்தால் வகுத்து 4-ஆல் பெருக்கினால் பை-யின் மதிப்பீடு வருகிறது. ஆயிரம் புள்ளியில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் விடை 0.004 நகரும். 785 உள்ளே விழுந்தால் 3.140, 786 விழுந்தால் 3.144. நடுவில் எதுவும் கிடையாது.

அந்த 3.140-ம் அதிர்ஷ்டம்தான். ஒரு புள்ளிக்குரிய திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.64, அதைப் புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் எவ்வளவு பிசகலாம் என்று தெரியும். நூறு புள்ளிக்கு 0.16. அதாவது பலமுறை செய்து பார்த்தால் மூன்றில் இரண்டு தடவை விடை 2.98-க்கும் 3.31-க்கும் இடையே வரும், மூன்றாவது தடவை அதற்கும் வெளியே. ஆயிரத்துக்கு 0.05. பத்தாயிரத்துக்கு 0.016. பத்து லட்சம் தூவியும் 0.0016 ஊசலாட்டம் மிச்சம், மூன்றாம் தசம இடம் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு இலக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் நூறு மடங்கு உழைக்க வேண்டும்.

காணொளிக்காரரை இத்தோடு விட்டுவிடலாம். இந்தக் கலையில் அவரைவிடப் பெரிய கை ஒருவர் இருந்தார்.

இத்தாலியக் கணிதக்காரர் மரியோ லாட்ஸரீனி. புள்ளிக்குப் பதில் அவர் கையில் ஊசி. இணைகோடுகள் வரைந்த தளத்தில் ஊசியைப் போட்டு, அது கோட்டை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுவது பிரெஞ்சுக்காரர் பூஃபோன் 18ஆம் நூற்றாண்டில் சொன்ன முறை. லாட்ஸரீனி 1901-இல் வெளியிட்ட கணக்கில் ஊசி 2.5 செ.மீ., கோடுகளின் இடைவெளி 3 செ.மீ., வீச்சு 3408, வெட்டு 1808. விடை 3.1415929. ஆறு தசமம் சரி!

3408 வீச்சுக்கு 0.05 வரை பிசகுவது இயல்பு. அவருக்குப் பிசகியதோ கோடியில் மூன்று பங்குக்கும் குறைவு. கிரிட்ஜ்மன் 1960-லும் லீ பேட்ஜர் 1994-லும் இதைப் பிரித்துப் போட்டுக் காட்டினார்கள். யாராவது 3408 என்று முடிவு செய்துகொண்டு ஊசி போட உட்காருவார்களா? மூவாயிரம் என்பார்கள், நாலாயிரம் என்பார்கள். ஆனால் 3408 என்பது 213-இன் 16 மடங்கு, 1808 என்பது 113-இன் 16 மடங்கு. அந்த ஊசிக்கும் இடைவெளிக்கும் கணக்குப் போட்டால் மிஞ்சுவது 355/113. ஐந்தாம் நூற்றாண்டிலேயே சீனத்தின் ஸூ சோங்ஜி கண்டுபிடித்து வைத்த பின்னம்!

இதே வித்தையைச் சதுரத்திலும் காட்டலாம் என்பதுதான் பத்தியாளரை இரவெல்லாம் விழிக்க வைத்தது. 113-ஐ 4-ஆல் பெருக்கினால் 452. அத்தனை புள்ளி தூவி, சரியாக 355 உள்ளே விழுந்தால் விடை அதே 3.1415929. 354 என்றால் 3.133, 356 என்றால் 3.150. சரியாக 355 விழும் வாய்ப்பு 22-இல் ஒன்று. விழவில்லையா, நிறுத்தாமல் 904 வரை போய் 710 இருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால் 1356-இல் 1065. கிடைத்த இடத்தில் சட்டென்று எழுந்துவிட வேண்டும். இப்படிப் பொறுக்காமல், முன்கூட்டியே எண்ணிக்கையை முடிவு செய்து, அந்தத் துல்லியத்தை நேர்மையாக எட்ட ஏறக்குறைய 38 லட்சம் கோடி புள்ளிகள் தேவை.

ஆகவே இத்தகைய கணக்கு கண்ணில் பட்டால் பத்தியாளர் விடையைப் பார்ப்பதில்லை. எந்த இடத்தில் நிறுத்தினார்கள், அந்த எண்ணைத் தொடங்கும் முன்பே சொன்னார்களா, இன்னொரு முறை அதே அளவு தூவியபோது என்ன வந்தது என்றுதான் கேட்கிறார். லாட்ஸரீனி 3409ஆவது ஊசியையும் போட்டிருந்தால்? கோட்டை வெட்டியிருந்தால் 3.1408, வெட்டாவிட்டால் 3.1425.