மூன்று வரிக்குள் மறைந்த குழி

“கொத்தனார் 4, சித்தாள் 4, சூப்பர்வைசர் 1. ஆம்பூர். கொத்தனாருக்கு 1,000. ஹெல்மெட், பூட்ஸ் உண்டு. காலை 7 மணி, பஸ் ஸ்டாண்டு. வர்றவங்க பேர் போடுங்க.”

ஒப்பந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் இரவில் வந்து விழுகிற செய்தி இப்படித்தான் இருக்கும். கூலி, இடம், பாதுகாப்பு எல்லாம் எழுதியிருக்கிறதே, கூட்டுரோட்டில் நின்று ஆள் பிடித்த காலத்துக்கு இது மேல்தானே என்கிறார்கள் படித்த நண்பர்கள். எழுதாமல் விட்டது என்ன என்று பார்ப்போம்.

ஆம்பூர் என்றால் எங்கே? வீடா, பள்ளிக்கூடமா, டேனரிக் கழிவுத் தொட்டியா? வண்டியிலிருந்து இறங்கிய பிறகுதான் தெரியும். “உள்பூச்சு உரிஞ்சி கிடக்குது, கொத்திட்டுப் பூசணும்” என்பார்கள். அடியில் சேறு இருக்கும். அதை வாராமல் பூச முடியாது. ‘கொத்து வேலை’ என்று அழைத்தவனைக் கழிவுக்குழியில் இறக்க ஒரு சொல்லை மறைத்தால் போதும். அவன் சேரிக்காரனாக இருந்துவிட்டால் மறைக்கவும் வேண்டாம். இறங்குவான் என்று ஊரே முடிவு செய்துவைத்திருக்கிறது.

முடி நீக்கத் தோலைச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைக்கிறார்கள். அந்தக் கழிவோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். சேற்றைக் கிளறினால் மேலெழும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். “நாத்தம் நின்னுடுச்சி, எறங்கலாம்” என்று நினைக்கும் நேரம்தான் சாவு நேரம். தூக்கப் போனவனும் மேலேயே விழுவான். இதற்கு ஹெல்மெட் என்ன செய்யும்? இறங்குமுன் வாயுமானியால் அளக்க வேண்டும், உள்ளே காற்று செலுத்த வேண்டும், இடுப்பில் கயிறும் மேலே காவலுக்கு ஆளும் வேண்டும். செய்தியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தடுக்க வேண்டியவர் சூப்பர்வைசர். அவரும் அதே செய்தியைப் பார்த்து வந்த தினக்கூலிதான். வேலையை நிறுத்தினால் நாளைக்கு அவர் பேர் இருக்காது. விபத்து நடந்தால் பொறுப்பு மட்டும் அவருடையது.

2015 ஜனவரி 31 விடியலில், அன்றைய வேலூர் மாவட்டத்து இராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ‘இடம்’ என்ற ஒரு சொல்லுக்குள் எங்கே படுப்பது என்பதும் அடங்கும் என்பதை அந்தச் சாவுகள் சொல்கின்றன.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலைக்கு எடுப்பவர் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. பாதுகாப்புக்கென்று தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. வாட்ஸ்அப் செய்தி நியமனக் கடிதம் ஆகாது. அதில் முதலாளியின் பேரே கிடையாது. செத்தால் “எங்க ஆளே இல்ல” என்று சொல்ல வழிவைத்துத்தான் எழுதுகிறார்கள்.

ஒருவன் கேட்டால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஆகவே பேர் போடுமுன் பத்துப்பேரும் சேர்ந்து கேட்போம்: யாருடைய கட்டடம்? என்ன வேலை? தொட்டி என்றால் யார் அளந்தது? பதிலையும் அதே குழுவில் எழுதச் சொல்வோம். அழிப்பதற்குள் படம் எடுத்து வைப்போம்.